நான்கு சொற்களுக்கு ஒரே ‘இழப்பீடு’: ஓர் ஒப்பந்த மொழிபெயர்ப்பும் அதன் அடிக்குறிப்புகளும்

பின்னணி

பிளாஸ்டிக் டப்பாக்களும் மூடிகளும் வார்த்துக் கொடுக்கும் ஒரு கூட்டு நிறுவனம், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு மூன்று ஆண்டுகள் சரக்கு வழங்க ஒப்பந்தம் போட இருந்தது. ஒப்பந்தத்தை எழுதியது வாங்குபவர் தரப்பு வழக்கறிஞர்கள். ஆங்கிலத்தில் 38 பக்கம், 27 பிரிவுகள், 4 அட்டவணைகள். தகராறு வந்தால் இங்கிலாந்துச் சட்டப்படி தீர்க்கப்படும் என்றும், வேறு மொழியில் படி இருந்தாலும் ஆங்கிலப் படியே செல்லும் என்றும் அதில் இருந்தது.

நிறுவனத்தில் மூன்று கூட்டாளிகள். மூத்தவரும் அவர் தம்பியும் தொழிலை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவர்கள். ஆனால் சட்ட ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. மூன்றாவது கூட்டாளி மூத்தவரின் மகள். என்னிடம் வேலையைக் கொடுத்தவர் அவர்தான். “அப்பாவும் சித்தப்பாவும் முழுசா படிச்சுப் புரிஞ்சுக்கிட்டுத்தான் கையெழுத்துப் போடணும். என் வாய்வார்த்தையை நம்பிப் போடக்கூடாது” என்றார். அதனால் இது நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் சான்றிட்ட மொழிபெயர்ப்பு அல்ல. கையெழுத்திடுவதற்கு முன் புரிந்துகொள்ளப் படிக்கும் படி. இந்த வேறுபாட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எடுத்த முடிவுகள் பலவும் இதை ஒட்டியவை.

முதல் வரைவு

முதல் வரைவை அடிக்குறிப்பே இல்லாமல் கொடுத்தேன். ஒப்பந்தத்தின் வாசகம் நடுவே தடைபடாமல் ஓட வேண்டும் என்று நினைத்தேன். நேர்ச்சொல் கிடைக்காத இடங்களில் அகராதியில் இருந்த சொல்லைப் போட்டு, ஆங்கிலச் சொல்லை அடைப்புக்குறிக்குள் வைத்தேன். மொழிபெயர்ப்பாளர்கள் பலரும் செய்வது இது. ஆனால் இதனால் யாருக்கு என்ன பயன் என்று அப்போது நான் கேட்டுப் பார்க்கவில்லை. ஆங்கிலம் தெரிந்தவருக்கு அடைப்புக்குறி தேவையில்லை, அவர் மூலத்தையே படிப்பார். தெரியாதவருக்கு அது வெறும் எழுத்துக் கூட்டம்.

வரைவு போய்ச் சேர்ந்த நான்காம் நாள், மூவரோடும் அவர்களுடைய வழக்கறிஞரோடும் உட்கார்ந்து பிரிவு பிரிவாக வாசித்தோம். வாசித்து முடித்த ஒவ்வொரு பிரிவையும் மூத்தவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று மகள் ஏற்பாடு செய்திருந்தார். “புரிந்ததா” என்று கேட்டால் யாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். திருப்பிச் சொல்லும்போதுதான் உண்மை வெளியே வரும்.

வாசிப்பில் கண்டவை

முதல் தடுமாற்றம் அச்சுகள் பற்றிய பிரிவில் வந்தது. ஒப்பந்தம் முடியும்போது, வாங்குபவர் விரும்பினால் மூடி வார்க்கும் அச்சுகளைத் தாமே வாங்கிக்கொள்ளலாம். விலையை மதிப்பீட்டாளர் முடிவு செய்வார். இந்தத் தேர்வுரிமையை ‘ஒரு பவுண்டு கன்சிடரேஷனுக்கு’ வழங்குவதாக மூலம் சொன்னது. நான் ‘ஒரு பவுண்டு பிரதிபலனாகப் பெற்றுக்கொண்டு’ என்று எழுதியிருந்தேன். மூத்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “ஏம்மா, இத்தனை அச்சையும் ஒரு பவுண்டுக்கா எழுதிக் கேக்குறாங்க?”

அவர் கேட்டதில் தவறில்லை. பிரதிபலன் என்றால் கைமாறாகக் கிடைப்பது, அதாவது விலை. ஆனால் இங்கிலாந்துச் சட்டத்தில் கன்சிடரேஷன் என்பது விலை மட்டுமல்ல. ஒரு வாக்குறுதி சட்டப்படி கட்டுப்படுத்த வேண்டுமானால், மறுபக்கத்திலிருந்து ஏதாவது ஒன்று வந்திருக்க வேண்டும். அது ஈடான மதிப்புள்ளதா என்று நீதிமன்றம் பார்க்காது. சாக்லேட் உறைகள் மூன்றைக்கூட அப்படிப்பட்ட மறுபயனின் பகுதியாக 1959-இல், அப்போது அங்கே உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மறுபயன் எதுவும் இல்லாவிட்டால், ‘இந்தத் தேர்வுரிமை மூன்று ஆண்டும் திறந்திருக்கும்’ என்ற வாக்கை இடையில் திரும்பப் பெற்றுவிடலாம். ஒரு பவுண்டு அந்த வாக்கைப் பூட்டும் சாவி. அச்சின் விலை அடுத்த பிரிவில் தனியாக இருந்தது.

இரண்டாவது தடுமாற்றம் அமைதியாக நடந்தது. ‘காலம் இவ்வொப்பந்தத்தில் மிக முக்கியமானதாகும்’ என்ற வரியை வாசித்தபோது மூத்தவர் தலையாட்டினார். “ஆமா, நேரத்துக்குக் கொடுக்கணும், அதானே?” யாரும் நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை. வழக்கறிஞர்தான் இரண்டு பக்கம் தள்ளிப்போன பிறகு, “அந்த வரிக்கு மறுபடி போகணும் மேடம்” என்றார்.

இங்கிலாந்துச் சட்டத்தில் அந்த வாசகம் நேரத்தின் அருமையைப் பற்றிப் பேசவில்லை. அதில் ஒரு சட்ட விளைவு அடங்கியிருக்கிறது. நாள் கடந்துவிட்டால், தாமதம் எவ்வளவு சிறியதானாலும், எதிர்த்தரப்பு ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டு போகலாம். ஹாங்காங்கில் ஒரு வீடு வாங்கும் ஒப்பந்தத்தில் மாலை 5 மணிக்குள் பணம் சேர வேண்டும் என்று இருந்தது. காசோலை 5.10-க்குப் போய்ச் சேர்ந்தது. விற்பவர் முறித்துக்கொண்டார். விலையில் 10 சதவீத முன்பணமும் வாங்குபவர் கையைவிட்டுப் போனது. 1997-இல், மேல்முறையீட்டை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் அதைச் சரியென்றே சொன்னது. இந்தக் கதையைச் சொன்னதும் தம்பி, “பத்து நிமிஷமா?” என்று இரண்டு முறை கேட்டார்.

மூன்றாவதைக் கண்டுபிடித்தவர் மகள். தாமதத்துக்கு வாரத்துக்கு 0.5 சதவீதம் இழப்பீடு என்று ஒரு பிரிவு. தரக்குறைவுக்கு இழப்பீடு என்று இன்னொன்று. மூன்றாம் தரப்பு வழக்குப் போட்டால் இழப்பீடு என்று மற்றொன்று. “எல்லாம் ஒண்ணுதானா? அப்போ எதுக்கு மூணு இடத்துல எழுதணும்?” அன்று இரவு கோப்பைத் திறந்து ‘இழப்பீடு’ என்று தேடிப் பார்த்தேன். 41 இடம். மூலத்தைப் பக்கத்தில் வைத்து எண்ணினால், டேமேஜஸ், லிக்விடேட்டட் டேமேஜஸ், இண்டெம்னிட்டி, காம்பென்சேஷன் என்று நான்கு வெவ்வேறு சொற்களை நான் ஒரே சொல்லில் அடைத்திருந்தேன்.

இந்தச் சோதனையை அன்றிலிருந்து எல்லா ஒப்பந்தத்திலும் செய்கிறேன். மொழிபெயர்ப்பில் அடிக்கடி வரும் சட்டச்சொல் ஒன்றை எடுத்து, அது வரும் இடமெல்லாம் மூலத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. ஒரு தமிழ்ச்சொல்லுக்கு இரண்டு மூலச்சொல் வந்தால், அந்த இடத்தில் ஏதோ ஒரு வேறுபாட்டைத் தொலைத்திருக்கிறோம்.

எடுத்த முடிவும் காரணமும்

மறுநாள் மூன்று வழிகளைப் பேசினோம். முதல் வழி, வாசகத்துக்குள்ளேயே விளக்கி எழுதிவிடுவது. ‘காலம் முக்கியம்’ என்பதற்குப் பதில் ‘நாள் தவறினால் வாங்குபவர் ஒப்பந்தத்தை முறிக்கலாம்’ என்று எழுதினால் மூத்தவருக்குப் புரியும். ஆனால் அந்தப் பிரிவில் மூலம் அப்படிச் சொல்லவில்லை. நாளை யாராவது இரண்டையும் ஒப்பிட்டால், இல்லாததை மொழிபெயர்ப்பாளர் சேர்த்தார் என்பார்கள், அது சரியாகவும் இருக்கும். இரண்டாவது வழி, ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் வைத்துவிடுவது. அது நேர்மையானதுதான், ஆனால் வாசகருக்கு எதையும் தராது. மூன்றாவது, வாசகத்தை மூலத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு விளைவை அடிக்குறிப்பில் சொல்வது.

மூன்றாவதைத் தேர்ந்தோம். மொழிபெயர்ப்பு ஒரு குரல், விளக்கம் வேறு குரல். இரண்டும் கலக்காமல் இருக்கும்போதுதான், எது ஒப்பந்தம் சொல்வது, எது நான் சொல்வது என்று வாசகருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு குறிப்பும் ‘மொழிபெயர்ப்பாளர் குறிப்பு’ என்று தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

கூடவே சொற்களையும் பிரித்தேன். டேமேஜஸுக்கு ‘இழப்பீடு’. லிக்விடேட்டட் டேமேஜஸுக்கு ‘முன்குறித்த இழப்பீடு’. இண்டெம்னிட்டிக்கு ‘ஈட்டுறுதி’. கன்சிடரேஷனுக்கு ‘மறுபயன்’. ‘ஈட்டுறுதி’ சட்ட நூல்களில் புழங்கும் சொல், கூட்டாளிகளில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அதுவே நல்லது என்று நினைத்தேன். தெரியாத சொல்லைக் கண்டால் வாசகர் நிற்பார், நின்றால் கீழே பார்ப்பார். இந்த எண்ணம் பாதிதான் சரி என்பது ஏழு மாதம் கழித்துத் தெரிந்தது.

குறிப்புகளை எழுதிய விதம்

இரண்டாம் வரைவில் 31 குறிப்புகள் வந்துவிட்டன. சில பக்கங்களில் குறிப்பு பாதிப் பக்கத்தைப் பிடித்தது. மூத்தவர் ஆறாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். “எது முக்கியம்னே தெரியலம்மா” என்றார். அவர் சொன்னது என்னை உண்மையில் வருத்தியது. முதலில் குறிப்பே இல்லாமல் தவறவிட்டேன், இப்போது குறிப்பால் மூடிவிட்டேன்.

குறைப்பதற்கு ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன்: இந்தச் சொல்லை வாசகர் தமக்குப் பழகிய பொருளில் எடுத்துக்கொண்டால், அவர் செய்யும் செயல் மாறுமா? மாறும் என்றால் குறிப்பு உண்டு, இல்லையென்றால் இல்லை. எதிர்பாராத இயற்கைச் சீற்றம், போர் போன்றவை பற்றிய பிரிவின் தலைப்பு பிரெஞ்சுச் சொல். அதற்கு ஐந்து வரியில் வரலாறு எழுதியிருந்தேன். ஆனால் எவையெல்லாம் அதில் அடங்கும் என்று பிரிவே பட்டியல் போட்டிருந்தது. குறிப்பு போனது. ‘பிரிக்கத்தகு தன்மை’ என்ற பிரிவின் வாசகமே அதை விளக்கியது. அதுவும் போனது. கடைசியில் 9 நின்றன. அவற்றில் 7 குறிப்புகள், முதல் வாசிப்பில் யாரும் நிற்காமல் கடந்துபோன சொற்களுக்கானவை. குறிப்பை எங்கே வைப்பது என்பதில் எனக்கு இருந்த பழைய எண்ணம் இதோடு தலைகீழானது. விநோதமான சொல்லைக் கண்டால் வாசகர் தானே கேட்பார். பழகிய முகத்தோடு வரும் சொல்தான் அவரைக் கேட்கவிடாமல் செய்கிறது.

காலக்கெடு பற்றிய குறிப்பு இப்படி அமைந்தது:

> மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: ‘காலம் இன்றியமையாதது’ என்பது பொதுவான அறிவுரை அல்ல. இங்கிலாந்துச் சட்டத்தில் இந்த வாசகம் இருந்தால், குறித்த நாள் சிறிது தவறினாலும் எதிர்த்தரப்புக்கு ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை வரும். பிரிவு 11-இல் உள்ள முன்குறித்த இழப்பீட்டோடு சேர்த்துப் படிக்கவும்.

மூன்று வாக்கியம். முதல் வாக்கியம் தவறான வாசிப்பை மறுக்கிறது. இரண்டாவது, ஆளும் சட்டத்தில் அதன் விளைவைச் சொல்கிறது. மூன்றாவது, எதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று காட்டுகிறது. மற்ற எட்டுக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். ‘இதை ஏற்க வேண்டாம்’, ‘இது உங்களுக்குப் பாதகம்’ என்ற வகை வாக்கியங்கள் எதிலும் வரக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். அது வழக்கறிஞரின் வேலை.

வடிவத்தில் ஒரு சிக்கல் வந்தது. மூல ஒப்பந்தத்திலேயே அட்டவணை ஒன்றில் 2 அடிக்குறிப்புகள் இருந்தன. என்னுடையவையும் 1, 2 என்று தொடங்கியதால், எது ஒப்பந்தத்தின் பகுதி, எது என்னுடையது என்ற குழப்பம். என் குறிப்புகளுக்கு எண்ணை விட்டுவிட்டு அ, ஆ, இ என்று எழுத்துகளைக் கொடுத்தேன். அதற்குள் ஒரு தவறு நடந்துவிட்டது. ‘5 சதவீதம்’ என்பதில் குறிப்பு எண் 3-ஐ ஐந்தை ஒட்டியே வைத்திருந்தேன். தம்பி அந்த வரியை நகலெடுத்துக் கைபேசியில் கணக்குப்பிள்ளைக்கு அனுப்பினார். மேலெழுத்து சாதாரண எழுத்தாகி, ‘53 சதவீதம்’ என்று போய்ச் சேர்ந்தது. கணக்குப்பிள்ளை பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தார். எழுத்துக்கு மாறியதோடு, எந்தக் குறியும் எண்ணை ஒட்டி வரக்கூடாது, சொல்லுக்குப் பின்னால்தான் வர வேண்டும் என்றும் வைத்துக்கொண்டேன்.

தவறிய குறிப்பு

முன்குறித்த இழப்பீட்டுக்கு நான் எழுதிய குறிப்பில்தான் பெரிய பிழை இருந்தது. ‘தாமதத்துக்கு முன்கூட்டியே குறித்த உச்சத்தொகை. உண்மை இழப்பைப் பார்த்து நீதிமன்றம் இதைவிடக் குறைவாகவும் வழங்கலாம்’ என்று எழுதியிருந்தேன். நிறுவனத்தின் வழக்கறிஞரும் படித்துவிட்டுச் சரி என்றார். இருவரும் ஒரே இடத்தில் வழுக்கியிருந்தோம். எங்கள் இருவர் மனத்திலும் இருந்தது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. அதன்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகை ஓர் உச்சவரம்பு. அதற்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்.

இந்த ஒப்பந்தத்தை ஆள்வதோ இங்கிலாந்துச் சட்டம். அங்கே கணக்கு வேறு. குறித்த தொகை செல்லுபடியானால், உண்மை இழப்பு குறைவாக இருந்தாலும் அந்தத் தொகையை அப்படியே கட்ட வேண்டும். அது ‘பெனால்டி’, அதாவது தண்டத்தொகை, என்று முடிவானால் அந்தப் பிரிவு செயல்படாது, நிரூபித்த இழப்பு மட்டுமே கிடைக்கும். இடையில் குறைத்துக் கொடுப்பது என்ற பேச்சு இல்லை. எது பெனால்டி என்பதற்கு 1914-இல் டன்லப் டயர் வழக்கில் ஓர் அளவுகோல் வந்தது: அந்தத் தொகை, இழப்பை முன்கூட்டியே நேர்மையாக மதிப்பிட்டதா? 2015-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியமைத்தது. ஒப்பந்தம் நிறைவேற வேண்டும் என்பதில் எதிர்த்தரப்புக்கு இருக்கும் நியாயமான அக்கறைக்குச் சற்றும் பொருந்தாத அளவு பெரிய சுமையா என்பதே இப்போது கேள்வி.

பிழையைக் கண்டவர், மகள் ஒரு மணி நேர ஆலோசனைக்கு அமர்த்திய, சொலிசிட்டர் எனப்படும் இங்கிலாந்து வழக்கறிஞர். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஒன்பது குறிப்புகளை மட்டும் நான் ஆங்கிலத்துக்குத் திருப்பி, ஒரே பக்கமாக அனுப்பியிருந்தேன். ஒப்பந்தம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தால் செலவும் நேரமும் கட்டுப்படியாகாது. குறிப்புகள்தான் நம்முடைய கூற்று, பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும். அந்த ஒரு பக்கம் இல்லாமல் இருந்திருந்தால், தமிழ் நன்றாக இருக்கிறது என்ற திருப்தியோடு தவறான சட்டத்தைக் கொடுத்திருப்பேன்.

குறிப்பை மாற்றினேன்:

> மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: தாமதத்துக்கு ஒப்பந்தமே நிர்ணயித்த தொகை. இங்கிலாந்துச் சட்டத்தில் இது பொதுவாக உச்சவரம்பு அல்ல. செல்லுபடியானால், இழப்பை நிரூபிக்காமலே முழுத்தொகையும் கேட்கலாம். இந்தியச் சட்டத்தில் இதே சொல்லின் விளைவு வேறு.

கடைசி வாக்கியம் தேவையா என்று நெடுநேரம் யோசித்தேன். வைத்தேன். வாசகர்களும் அவர்களின் வழக்கறிஞரும் எந்தச் சட்டத்தின் பழக்கத்தோடு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தை நேராகப் பெயர் சொல்லித் தடுக்காவிட்டால், திருத்திய குறிப்பையும் பழைய பொருளிலேயே படித்துவிடுவார்கள்.

பேச்சுவார்த்தையும் கையெழுத்தும்

மூன்றாம் வாசிப்பில் மூத்தவர் காலக்கெடுக் குறிப்பைப் படித்தார். அது சொன்னபடியே பிரிவு 11-ஐப் புரட்டினார். அப்புறம் அவரே கணக்குப் போட்டார். வாரத்துக்கு 0.5 சதவீதம், மொத்தம் 5 சதவீதத்துக்கு மேல் போகாது, ஆக 10 வாரம். “பத்து வாரம் வரைக்கும் காசு கட்டிட்டுச் சமாளிக்கலாம்னு ஒரு பக்கம் சொல்றாங்க. முதல் நாளே முறிச்சுக்கலாம்னு இன்னொரு பக்கம் சொல்றாங்க. ரெண்டும் எப்படிம்மா?” அந்தக் கேள்வியில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. இரண்டு பிரிவும் முதல் வரைவிலும் இருந்தன, இரண்டையும் அவர் தலையாட்டிக் கடந்திருந்தார்.

வழக்கறிஞர் அந்தக் கேள்வியையே திருத்தக் கோரிக்கையாக எழுதினார். தாமதம் 10 வாரத்தைத் தாண்டினால் மட்டுமே முறிக்கும் உரிமை வரும், அதுவரை முன்குறித்த இழப்பீடு ஒன்றே பரிகாரம் என்று கேட்டார்கள். வாங்குபவர் தரப்பு ஒரு வாரத்தில் ஒப்புக்கொண்டது. ஒரு பவுண்டுப் பிரிவை மாற்றக் கேட்கவில்லை. அது என்ன என்று புரிந்த பிறகு மூத்தவருக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

தமிழ்ப் படியையும் இணைப்பாக வைக்கலாமா என்று மகள் கேட்டபோது எதிர்த்தரப்பு ஒரு நிபந்தனை போட்டது: குறிப்புகள் இருக்கக்கூடாது. நாளை தகராறு வந்தால், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விளக்கம் என்று அந்தக் குறிப்புகளை யாராவது காட்டக்கூடும் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். அதனால் இரண்டு படிகள் செய்தேன். குறிப்பில்லாத தமிழ்ப் படி ஆங்கில ஒப்பந்தத்தோடு இணைப்பாகப் போனது. குறிப்புள்ள படி கூட்டாளிகளின் சொந்த உபயோகத்துக்கு.

அதன் பிறகு

நான்காம் மாதத்தில் ஒரு சரக்கு 12 நாள் தாமதமானது. முழு வாரத்துக்குத்தான் கணக்கு என்பதால் 0.5 சதவீதம் கழித்துக்கொண்டு வாங்குபவர் பணம் அனுப்பினார். பழைய வாசகத்தோடு கையெழுத்திட்டிருந்தால், அன்றே முறிக்கும் உரிமை அவர்கள் கையில் இருந்திருக்கும்.

ஏழாம் மாதத்தில் வேறொன்று நடந்தது. மூடி ஒன்று விரிசல்விட்டதால் தன் சரக்கு கெட்டுப்போனது என்று வாங்குபவரின் வாடிக்கையாளர் ஒருவர் பணம் கேட்டார். மூன்றாம் தரப்பு இப்படிக் கேட்டால் அந்த இழப்பை இவர்கள் ஏற்க வேண்டும் என்ற ஈட்டுறுதிப் பிரிவின்படி வாங்குபவர் இவர்களுக்குக் கடிதம் அனுப்பினார். அந்தப் பிரிவில் ஒரு நல்ல வாய்ப்பும் இருந்தது. கடிதம் வந்த 14 நாளுக்குள் தெரிவித்தால், அந்தக் கோரிக்கையை எதிர்த்துப் பேசும் பொறுப்பை இவர்களே ஏற்று நடத்தலாம்.

கடிதம் புதிதாக வேலைக்கு வந்த மேலாளரிடம் போனது. கோப்பில் அவருக்குக் கிடைத்தது குறிப்பில்லாத தமிழ்ப் படி. ‘ஈட்டுறுதி’ என்ற சொல்லை அவர் பிரித்துப் பார்த்தார். ஈடு என்றால் அடமானமாக வைப்பது. ஈட்டுறுதி என்றால் ஈடு வைத்துக் கொடுத்த உறுதி. ‘நாங்கள் எந்த ஈடும் வைக்கவில்லை, ஒப்பந்தத்தை மீறவும் இல்லை, ஆகவே இந்தப் பிரிவு எங்களுக்குப் பொருந்தாது’ என்று பதில் எழுதிவிட்டார். ஈட்டுறுதி கோர, கொடுப்பவர் ஒப்பந்தத்தை மீறியிருக்க வேண்டும் என்பதில்லை. பிரிவில் சொன்ன நிகழ்வு நடந்தால் போதும். குறிப்புள்ள படியில் இதே வாக்கியம், ‘ஈடு வைப்பதோடு தொடர்பில்லை’ என்ற வாக்கியத்துக்கு அடுத்ததாக இருந்தது. அந்தப் படி மூத்தவரின் மேசை இழுப்பறையில் இருந்தது.

14 நாள் கடந்தது. வாங்குபவர் தாமே பேசி முடித்து, கணக்கை அனுப்பினார். பெரிய தொகை இல்லை. ஆனால் விரிசல் ஏற்றுமதியில் ஏற்பட்டதா, வார்ப்பிலேயே இருந்ததா என்று கேட்கும் வாய்ப்பு போய்விட்டது. கட்டினார்கள்.

மேலாளர் மேல் எனக்குக் குறையில்லை. அவர் சொல்லைத் தமிழறிவோடுதான் பிரித்தார். நான்தான், கீழே குறிப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில், குறிப்பில்லாமல் தனியே நிற்க முடியாத சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு குறிப்பை எடுத்தும் கொடுத்தேன்.

மாற்றிச் செய்பவை

குறிப்பில்லாத படி தேவைப்படுமா என்பதை இப்போது வேலை தொடங்கும்போதே கேட்டுவிடுகிறேன். தேவைப்படும் என்றால், சொல்தேர்வு அந்தப் படியை மனத்தில் வைத்தே நடக்கிறது. இண்டெம்னிட்டிக்கு ‘இழப்புப் பொறுப்பேற்பு’ என்று எழுதுகிறேன். ஈட்டுறுதியைப் போலச் செறிவானதல்ல, சட்ட நூல்களின் சொல்லும் அல்ல. ஆனால் தனியே படித்தாலும் யாரும் அதை அடமானம் என்று நினைக்கமாட்டார்கள். நூல்களில் உள்ள சொல்லை அடிக்குறிப்பில் ஒருமுறை தருகிறேன், வழக்கறிஞருக்கு அது உதவும். இந்தத் தேர்வில் எல்லோருக்கும் உடன்பாடு இல்லை. வகுத்த கலைச்சொல்லை விட்டால் ஒருமை கெடும் என்று சக மொழிபெயர்ப்பாளர்கள் இருவர் சொன்னார்கள். நீதிமன்றத்துக்குப் போகும் படியாக இருந்தால் நானும் அவர்கள் பக்கம்தான்.

குறிப்பில்லாத படியின் ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும், ‘விளக்கக் குறிப்புகள் தனிப்படியில் உள்ளன’ என்று ஒரு வரி போகிறது. எதிர்த்தரப்பு இதுவரை இதை மறுத்ததில்லை, ஏனென்றால் அந்த வரி எந்தப் பொருளையும் விளக்கவில்லை.

குறிப்புகளை எழுதத் தொடங்கும் முன் ஆளும் சட்டம் பற்றிய பிரிவை முதலில் மொழிபெயர்க்கிறேன், அது 27 பிரிவில் 26-ஆவதாக இருந்தாலும். இந்த வேலையில் அதைக் கடைசிக்கு முன்னால்தான் தொட்டேன். அதற்குள் முன்குறித்த இழப்பீட்டுக்குத் தவறான நாட்டின் சட்டத்தை எழுதி முடித்திருந்தேன்.

அந்த நிறுவனத்துக்கு, திருத்திய சொல்லோடு இரண்டு படிகளையும் மறுபடி செய்து கொடுத்தேன். குறிப்புள்ள படி இப்போது மேலாளரின் கோப்பில் இருக்கிறது. ஈட்டுறுதிப் பிரிவின் ஓரத்தில் ‘கடிதம் வந்த நாள் முதல் 14’ என்று மூத்தவர் தம் கையால் எழுதிவைத்திருக்கிறார்.